நடுராத்திரியில் மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு

நம் செட்டிநாட்டுப் பக்கம் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருத்தர் இல்லாத வீடு குறைவு. எங்கள் நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் சந்நிதியில் நின்று பேச்சுக் கொடுத்தால், பத்துப் பேரில் நாலு பேர் "மக வருது, மருமக வருது" என்பார்கள். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் ராத்திரி விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். கூட்டிப் போக ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால், கைக்குழந்தையோடு வரும் பெண் அந்நேரத்தில் ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவாள்? வாடகைக் கார் வைக்காமல் போக முடியுமா?

முடியும். ஆனால் எப்போதும் முடியாது. எப்போது முடியும், எப்போது இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது என்பதைத்தான் இந்த முறை எழுதப் போகிறேன்.

2024ஆம் ஆண்டு தை மாதம் என் அக்கா மகள் தன் மூன்று வயதுப் பையனோடு சிங்கப்பூரிலிருந்து வந்தாள். மாமியார் வீடு ஈரோட்டில். மறுநாள் காலை சென்ட்ரலிலிருந்து கோவை எக்ஸ்பிரஸில் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்திருந்தது. அந்த வண்டி காலை ஆறு மணி சுமாருக்குப் புறப்பட்டுவிடும். அவள் விமானம் இறங்குவதோ ராத்திரி ஒன்பது இருபதுக்கு. நான் காரைக்குடியில் விடிகாலை பல்லவன் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஊரில் ஒரு உறவினர் வீட்டில் பகல் பொழுதைப் போக்கிவிட்டு, சாயந்திரமே விமான நிலையம் போய்விட்டேன். காத்திருக்கும் நேரத்தில் சும்மா உட்காராமல், வழிகளை ஒவ்வொன்றாக நடந்தே பார்த்து வைத்தேன்.

முதலில் எந்த நிலையம் என்று பாருங்கள்

சென்னையில் பெரிய நிலையம் இரண்டு. கோவை, ஈரோடு, பெங்களூர், வடநாடு போகிறவர்களுக்கு சென்ட்ரல். திருச்சி, மதுரை, காரைக்குடி, ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு எழும்பூர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், விமான நிலையத்திலிருந்து போகும் வழி ஒன்றல்ல.

சென்ட்ரலுக்கு மெட்ரோ ரயில்தான் நேர்வழி. 2019 பிப்ரவரி 10ஆம் தேதியிலிருந்து, விமான நிலையத்தில் ஏறினால் மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். எழும்பூருக்கு மெட்ரோவில் போக வேண்டுமென்றால், சென்ட்ரல் வரை போய், அங்கே இன்னொரு தடத்துக்கு மாறி, ஒரு நிலையம் வர வேண்டும். அதைவிட, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், அது நேரே எழும்பூரில் கொண்டு விடும். 1931லிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடுகிற அதே மின்சார ரயில் பாதைதான். நம் பாட்டிமார்கள் ஏறிய பாதை.

ஆகவே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: சென்ட்ரலுக்கு மெட்ரோ, எழும்பூருக்குத் திரிசூலம்.

விமானம் இறங்கும் நேரம் கணக்கில்லை

எல்லோரும் "ஒன்பது இருபதுக்கு இறங்குது, மெட்ரோ பதினொன்று வரைக்கும் ஓடுது, ஒன்றரை மணிக்கு மேல் நேரம் இருக்கே" என்று நினைத்துவிடுகிறார்கள். விமானம் தரையைத் தொடும் நேரம் வேறு, நீங்கள் வாசலுக்கு வெளியே வரும் நேரம் வேறு. நடுவில் பாஸ்போர்ட் சோதனை வரிசை, பெட்டி வரும் பட்டை, சுங்கம் மூன்றும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று விமானம் இறங்கினால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். வெளிநாட்டு விமானமென்றால் ஒரு மணி நேரம் கால் என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. குழந்தை இருந்தால் கழிவறைக்கும் பாலுக்கும் இன்னொரு கால் மணி சேர்த்துக் கொள்ளுங்கள். உள்நாட்டு விமானமானால் பாஸ்போர்ட் வரிசை இல்லை. அரை மணி, முக்கால் மணியில் வெளியே வந்துவிடலாம்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். விமானம் கால் மணி தாமதமாக ஒன்பது முப்பத்தைந்துக்கு இறங்கியது. அவள் பெட்டியோடு வெளியே வந்தபோது பத்து முப்பத்திரண்டு. ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் குறைவு. அதுவும் பெட்டி சீக்கிரம் வந்ததால். மெட்ரோவின் கடைசி வண்டி அங்கிருந்து பதினொரு மணிக்கு. இதுவே விமானம் பத்து மணிக்கு இறங்கியிருந்தால் மெட்ரோவை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

இதிலிருந்து ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானம் ஒன்பது மணிக்கு முன் இறங்கினால் மெட்ரோவை நம்பலாம். ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை சந்தேகம்தான். முயன்று பார்க்கலாம், ஆனால் மாற்று வழி தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இறங்கினால் மெட்ரோவை மறந்துவிடுங்கள்.

வாசலைத் தாண்டுவதற்கு முன் இன்னொன்று. கடைசிக் கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், டிக்கெட் இல்லாமல் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். குழந்தைக்குத் துணி மாற்றுவது, பால் கலக்குவது, நம் ஊர்ப் பணம் கையில் எடுத்து வைப்பது எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொலைபேசியை வைத்துக்கொண்டு இங்கே பணம் கட்ட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. அக்கா மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்: "கைப்பையில ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறையா, பத்தும் இருபதுமா வச்சுக்கோ. அது போதும்."

மெட்ரோவில் போகும் விதம்

வாசலில் அவள் வந்து நின்றதுமே ஒருவர் பெட்டியில் கை வைத்தார். "மெட்ரோ முடிஞ்சு போச்சும்மா, கார்ல போயிடுங்க" என்றார். அவள் முகம் வாடிவிட்டது.

"சின்னம்மா, நிஜமாவா?"

"நான் அரை மணிக்கு முன்னாடிதான் டிக்கெட் கொடுக்கிற இடத்துல கேட்டுட்டு வந்தேன். பதினொண்ணு வரைக்கும் இருக்கு. பிள்ளையைத் தூக்கு, பெட்டியை நான் தள்ளுறேன்" என்றேன்.

வாசலில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே நடக்கும் காவலரையோ, விமான நிலையச் சீருடையில் இருப்பவரையோ கேளுங்கள். மெட்ரோ நிலையம் விமான நிலையத்துக்குள்ளேயே உயரத்தில் நிற்கிறது. பலகைகளைப் பார்த்துப் போனால், பெட்டி தள்ளிக்கொண்டு பத்து நிமிஷ நடை. மின்தூக்கியும் நகரும் படியும் இருக்கின்றன. நிலையத்துக்குள் நுழையும்போது பெட்டிகளை இயந்திரத்தில் வைத்துச் சோதிப்பார்கள். அதற்கும் ஐந்து நிமிஷம் விட்டு வைக்க வேண்டும். விமான நிலையத் தள்ளுவண்டியை ரயிலுக்குள் கொண்டுபோக முடியாது. அதனால் ஒரு பெண் தனியாகக் குழந்தையோடு வருவதானால், சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை, இதற்கு மேல் வேண்டாம். இரண்டு பெரிய பெட்டியும் ஒரு கைக்குழந்தையும் ஒருத்தியால் ஏற்றி இறக்க முடியாத பாரம்.

டிக்கெட் சென்ட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆவதில்லை. சென்ட்ரலின் முழுப் பெயர் இப்போது புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். சென்ட்ரல், பலகையில் அப்படித்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

வண்டியில் விம்கோ நகர் என்றோ வண்ணாரப்பேட்டை என்றோ எழுதியிருக்கும். இரண்டுமே சென்ட்ரல் வழியாகத்தான் போகும். வழியில் ஆலந்தூர் வரும். "சென்ட்ரலுக்கு இங்கே மாறணும்" என்று யாராவது சொல்லக்கூடும். அங்கிருந்து கோயம்பேடு வழியாகச் சுற்றிப் போகும் இன்னொரு தடமும் சென்ட்ரலுக்குத்தான் போகிறது. அதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று நேரே போய்விடலாம். பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டி உண்டு. நாங்கள் அதில்தான் ஏறினோம். பையன் ஜன்னலைப் பார்த்தபடியே தூங்கிவிட்டான்.

பத்தே முக்காலுக்கு மேல் கிளம்பிய வண்டி சுமார் நாற்பது நிமிஷத்தில் சென்ட்ரல் சேர்த்தது. நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே வந்து சாலையில் தேடக் கூடாது. "சென்ட்ரல் ரயில் நிலையம்" என்று அம்புக்குறி போட்ட வழியில் போனால், சாலையைக் கடக்காமலே ரயில் நிலைய வாசலுக்குப் போகலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ராத்திரியில் பெட்டியோடு கடப்பது ஆகாத காரியம்.

எழும்பூர் போகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பதினொரு மணிக் கடைசி வண்டியில் ஏறினால் சென்ட்ரல் சேரும்போது பதினொன்று நாற்பது ஆகிவிடும். எழும்பூர்ப் பக்கம் போகும் மற்றத் தடத்தின் கடைசி வண்டியும் பதினொரு மணிக்கே சென்ட்ரலிலிருந்து கிளம்பிவிடும். மாறி ஏறலாம் என்று நம்பிப் போய் நடுவில் நிற்காதீர்கள். எழும்பூருக்கு மெட்ரோ வழி வேண்டுமென்றால் பத்து மணிக்குள் விமான நிலையத்தில் ஏறியிருக்க வேண்டும்.

மெட்ரோ போய்விட்டால்

பதினொரு மணி தாண்டிவிட்டது என்று வையுங்கள். இன்னும் திரிசூலம் இருக்கிறது. விமான நிலையத்துக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலை. அதற்கு அடியில் சுரங்கப் பாதை இருக்கிறது. மேலே சாலையைக் கடக்க வேண்டியதில்லை. ஆனால் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். பெரிய பெட்டி இருந்தால் இங்கேதான் சிரமம். டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய்த் தாளே போதும்.

"கடற்கரை" என்று போட்ட வண்டியில் ஏற வேண்டும். தாம்பரம், செங்கல்பட்டு என்று போட்டது எதிர்த்திசை. எழும்பூருக்கு முக்கால் மணிக்குள் போய்விடும். சென்ட்ரல் போகிறவர்கள் எழும்பூரைத் தாண்டி அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். அதன் பெயர் சென்னைப் பூங்கா. சென்ட்ரலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பக்கத்திலேயே பூங்கா நகர் என்று வேறொரு நிலையம் உண்டு. அது வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்கு; பெயரைக் கேட்டுக் குழம்பிவிடக் கூடாது.

பதினொரு மணிக்கு மேலும் சில வண்டிகள் உண்டு. ஆனால் கடைசி வண்டி நள்ளிரவுக்கு முன்பே போய்விடும். அதோடு, தண்டவாள வேலை இருக்கும் நாட்களில் ராத்திரிக் கடைசி வண்டிகளைத்தான் முதலில் ரத்து செய்வார்கள். இதை முன்பே தெரிந்துகொள்ள, அன்றைய செய்தித்தாளைப் பாருங்கள். அல்லது ரயில்வேயின் 139 எண்ணுக்குப் பேசுங்கள். நிலையத்துக்குப் போனால் டிக்கெட் வாங்குமுன், "கடற்கரைக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். நடைமேடையில் ஆளே இல்லையென்றால், அது வண்டி இல்லை என்பதற்கு அடையாளம். காத்திருக்காமல் விமான நிலையத்துக்கே திரும்பிவிடுங்கள்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி உண்டு என்றாலும், அந்நேரத்தில் அது காலியாக இருந்தால் நான் ஏற மாட்டேன். குடும்பத்தோடு நாலு பேர் இருக்கும் பொதுப் பெட்டிதான் எனக்குத் தைரியம்.

பேருந்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாநகரப் பேருந்துகளில் சில தடங்களில் இரவுச் சேவை உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் நின்று, எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்குக் குழந்தையோடு காத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போகாமல் இருப்பதும் ஒரு வழி

இத்தனையும் சொன்ன பிறகு முக்கியமான கேள்வி: ராத்திரியிலேயே போகத்தான் வேண்டுமா?

எங்களுக்கு வேண்டியிருந்தது. மெட்ரோவின் முதல் வண்டி காலை ஐந்து மணிக்கு. அதில் ஏறினால் சென்ட்ரல் சேர ஐந்து நாற்பது. ஆறு மணி சுமாருக்குக் கிளம்பும் வண்டிக்கு, பெட்டியும் குழந்தையுமாக நடைமேடை தேடி ஓட அது போதாது. மெட்ரோ தவறியிருந்தால் நான் செய்திருக்கக் கூடியது, விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து, அதிகாலை நாலு மணி சுமாருக்கு ஆரம்பிக்கும் மின்சார ரயிலில் பூங்கா நிலையம் போவது. ஐந்து மணிக்கெல்லாம் சென்ட்ரலில் இருந்திருப்போம்.

ஆனால் நம் பக்கம் வருகிறவர்களுக்கு இந்த அவசரமே இல்லை. பல்லவன் எழும்பூரில் புறப்படுவது பிற்பகல் நாலு மணியை ஒட்டி. ராமேஸ்வரம் வண்டிகள் சாயந்திரம். அதற்கு நடுராத்திரியில் எழும்பூர் போய் என்ன செய்வது? விடியும் வரை விமான நிலையத்தில் வெளிச்சமும் காவலும் உள்ள இடத்தில் உட்கார்ந்திருந்து, காலையில் நிதானமாகப் போகலாம். இந்த வண்டிகள் எல்லாம் தாம்பரத்திலும் நிற்கின்றன. திரிசூலத்திலிருந்து தாம்பரம் நாலாவது நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டியதே இல்லை. ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டு டிக்கெட் எடுத்தால் ஆயிற்று. எழும்பூரில் கட்டட வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்தே புறப்படும்படி மாற்றுவதும் உண்டு. பயணத்துக்கு முந்தின நாள் டிக்கெட்டில் உள்ள நிலையத்தின் பெயரை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சென்ட்ரலில் நாங்கள் பதினொன்றரை மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட்டைக் காட்டினால் காத்திருப்பறையில் இருக்க விடுவார்கள். பெட்டிகளை ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டி, பையனை நடுவில் படுக்க வைத்து, நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு கண் அயர்ந்தோம். தை மாதம் என்றாலும் கொசு இருந்தது. குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் காலுறையும் கைப்பையில் மேலாகவே இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்நேரத்தில் திறக்க முடியாது. பிளாஸ்கில் வெந்நீரை விமானத்துக்குள் அனுமதிக்க மாட்டார்கள். வெற்று பிளாஸ்கைக் கொண்டுவந்து, இறங்குமுன் விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டு நிரப்பிக்கொண்டால், விடிகாலைப் பாலுக்கு ஆகும்.

கடைசியாக, வருகிற பெண்ணிடம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்:

வாசலுக்கு வரும்போது பத்தே முக்காலுக்குள் என்றால் மெட்ரோ, சென்ட்ரலுக்கு மட்டும்.

எழும்பூர் போவதானால், பதினொன்றேகாலுக்குள் என்றால் திரிசூலம், அதுவும் வண்டி உண்டா என்று கேட்ட பிறகு.

அதற்கு மேல் என்றால் விமான நிலையத்திலேயே இரு. மின்சார ரயில் நாலு மணிக்கு, மெட்ரோ ஐந்து மணிக்கு.

ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் 139. மற்ற இடத்தில் 112.

தூக்கக் கலக்கத்தில், குழந்தை அழுகையில், வாசலில் பெட்டியைப் பிடித்து இழுப்பவர்களுக்கு நடுவில் நின்று யோசிக்க முடியாது. யோசனையை வீட்டிலேயே முடித்துத் தாளில் வைத்திருந்தால், அங்கே கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போதும்.